2000 டாலர் ஜெயிச்சேன், 1654 யூரோதான் வந்துச்சு: மீதி எங்கே போச்சு?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாக, பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

தொகுப்பாளர்: போன மாசம் டப்ளின்ல இருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அனுப்பினவர் சென்னைக்காரர், அங்க ஐடி வேலை. அயர்லாந்துல ஆன்லைன் போக்கர் ஆடுறது சட்டப்படி சரி. அவரும் வார இறுதியில ஆடுவாராம். ஒரு டோர்னமென்ட்ல 2000 டாலர் அடிச்சிருக்கார். உடனே வித்ட்ரா போட்டார், பணமும் ரெண்டே நாள்ல பேங்க்குக்கு வந்துருச்சு. ஆனா வந்தது 1654 யூரோ. அன்னிக்கு கூகுள்ல பார்த்த ரேட்படி 1800 வந்திருக்கணும். "146 யூரோவை எடுத்தது யாரு, எனக்கு அதுவே புரியலை"ன்னு கேட்டிருந்தார். இதுக்குப் பதில் சொல்ல, டப்ளின்ல ஒரு கேமிங் கம்பெனியோட பேமென்ட்ஸ் டீம்ல ஆறு வருஷம் வேலை பார்த்த அக்கா ஒருத்தங்க வந்திருக்காங்க. பேர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. வாங்க அக்கா.

விருந்தினர்: வணக்கம். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது ஆடச் சொல்ற எபிசோட் இல்ல. இந்தியாவுல 2025 ஆகஸ்ட்ல வந்த சட்டப்படி, பணம் வச்சு ஆடுற ஆன்லைன் விளையாட்டை நடத்துறதுக்கே தடை. நாம பேசப்போறது, சட்டம் அனுமதிக்கிற நாட்டுல வசிக்கிறவங்களைப் பத்தி. அவங்க பணம் ஏற்கெனவே சைட்ல கிடக்கு. அதை வீட்டுக்குக் கொண்டு வர்றப்ப எவ்வளவு கரையுதுங்கறதுதான் இன்னிக்குக் கேள்வி.

146 யூரோ எங்கே போனது?

தொகுப்பாளர்: அப்போ நம்ம தம்பி கணக்கையே எடுத்துக்கலாமா?

விருந்தினர்: அதான் சரி. பெரிய சர்வதேச போக்கர் சைட்கள்ல மேஜை டாலர்லதான் ஓடும். அதனால நிறைய பேரோட பேலன்ஸும் டாலர்லயே இருக்கும். அவர் சம்பளக் கணக்கு யூரோ. ஆக, ஏதோ ஒரு இடத்துல டாலர் யூரோவா மாறியே ஆகணும். கணக்கு போட வசதியா 1 டாலருக்கு 90 சென்ட்னு வச்சுக்குவோம். இது நடு ரேட். வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல உள்ள விலை, கூகுள்ல தெரியறது அதுதான். அதுப்படி 2000 டாலர்னா 1800 யூரோ.

இப்ப அவர் என்ன பண்ணாருன்னு பாருங்க. டப்ளின் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் லண்டன்ல இருந்திருக்கார். அங்க இருந்தப்ப ஒரு ஈ-வாலட் திறந்தார். அதோட கரன்சி பவுண்ட். டப்ளின் வந்தப்புறமும் அதையேதான் வச்சிருக்கார். சைட்ல இருந்து 2000 டாலர் அந்த வாலட்டுக்குப் போச்சு. வாலட் அதைப் பவுண்டா மாத்திச்சு. அப்புறம் அவர் வாலட்ல இருந்து ஐரிஷ் பேங்க்குக்கு அனுப்பினப்ப, பவுண்ட் யூரோவா மாறிச்சு.

தொகுப்பாளர்: ரெண்டு தடவை மாறியிருக்கு.

விருந்தினர்: ஆமா. டாலரும் யூரோவும் மட்டும் இருக்க வேண்டிய கதையில, பவுண்ட் தேவையே இல்லாம நடுவுல வந்து உட்கார்ந்திருக்கு. ஸ்க்ரில், நெடெல்லர் மாதிரி வாலட்கள் கரன்சி மாத்தும்போது, மொத்த ரேட்டுக்கு மேல கிட்டத்தட்ட 4 சதவீதம் வரைக்கும் எடுக்கும். "கட்டணம்"னு தனி வரியா காட்ட மாட்டாங்க. உங்களுக்குத் தர்ற ரேட்டுக்குள்ளயே அது கரைஞ்சிருக்கும். ஒரு தடவை 4 சதவீதம் போனா, நூத்துக்கு 96 மிச்சம். அந்த 96-லயும் இன்னொரு 4 சதவீதம் போனா 92-க்குக் கொஞ்சம் மேல. 1800 யூரோவுல பாத்தா 1659 வருது. வாலட்ல இருந்து பேங்க்குக்கு எடுக்க ஒரு 5 யூரோ. 1654. அவர் சொன்ன தொகை அதேதான்.

தொகுப்பாளர்: யாரும் திருடல. ஆனா பேலன்ஸ்ல 8 சதவீதம் காணோம்.

விருந்தினர்: அதான் விஷயம். சைட்ல "வித்ட்ரா கட்டணம்: 0"ன்னு போட்டிருக்கும். அது பொய் இல்ல. சைட் எடுக்கல, மத்தவங்க எடுத்தாங்க. அதனால எந்த வழியைப் பார்த்தாலும் "கட்டணம் எவ்வளவு"ன்னு மட்டும் கேட்காதீங்க. "கரன்சி எத்தனை தடவை மாறுது, ஒவ்வொரு தடவையும் யார் மாத்தறாங்க"ன்னு கேளுங்க.

ஒரே 2000 டாலர், நான்கு வழிகள்

தொகுப்பாளர்: அவர் வேற என்ன பண்ணியிருக்கலாம்?

விருந்தினர்: ஒவ்வொண்ணா பார்ப்போம். எல்லாத்துக்கும் நான் சொல்றது உதாரணக் கணக்கு. உங்க பேங்க்ல, உங்க சைட்ல இருக்கற எண்ணைப் போட்டு நீங்க திருப்பிக் கணக்கு போடணும். முறை மாறாது.

முதல் வழி, அதே வாலட்தான், ஆனா டாலர்ல. நிறைய வாலட்கள்ல கணக்கோட கரன்சியைத் திறக்கும்போதே முடிவு பண்ணணும், இல்லன்னா இன்னொரு கரன்சிக்குத் தனிக் கணக்கு சேர்க்கணும். டாலர் வாலட்டா இருந்தா 2000 டாலர் 2000-ஆவே வந்து இறங்கும். பேங்க்குக்கு அனுப்பும்போதுதான் மாறும், ஒரே தடவை. 4 சதவீதம் போய் 1728, அந்த 5 யூரோவும் போய் 1723. பவுண்ட் வாலட்டை விட 69 யூரோ மிச்சம். அவர் செஞ்சிருக்க வேண்டியது ஒரே ஒரு செட்டிங் மாத்தறதுதான்.

ரெண்டாவது, பேங்க் வயர். ஸ்விஃப்ட் வழியா டாலர் நேரா பேங்க்குக்கு வரும். ஆனா சைட்டோட பேங்க்குக்கும் உங்க பேங்க்குக்கும் நேரடி உறவு இல்லன்னா, நடுவுல ஒண்ணோ ரெண்டோ பேங்க் கை மாத்தி விடும். அவங்க ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக்குவாங்க. 20 டாலர்னு வைப்போம். மிச்சம் 1980 டாலர், அதாவது 1782 யூரோ மதிப்பு. உங்க பேங்க் டாலரை யூரோவா மாத்தும்போது நடு ரேட்டை விட 2.5 சதவீதம் குறைச்சுத் தருதுன்னா 1737. வெளிநாட்டுப் பணம் வந்ததுக்குன்னு 10 யூரோ. கையில 1727.

தொகுப்பாளர்: அட, வாலட்டும் வயரும் ஏறக்குறைய ஒண்ணுதானா?

விருந்தினர்: 2000 டாலருக்கு ஒண்ணு. 200 டாலருக்கு இல்ல. அதுக்கு வர்றேன்.

மூணாவது, டெபிட் கார்டுக்கே பணத்தைத் திருப்பி அனுப்பறது. விசா டைரக்ட், மாஸ்டர்கார்ட் சென்ட்னு சொல்வாங்க. வழக்கமா கார்டு உங்ககிட்ட இருந்து பணத்தை இழுக்கும். இது அதே கார்டுக்குப் பணத்தைத் தள்ளுற வழி. மாத்தறது கார்டு நெட்வொர்க்கோட ரேட்ல நடக்கும், அது நடு ரேட்டுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கும். அதுக்கு மேல உங்க பேங்க் வெளிநாட்டு கரன்சி கட்டணம் போடுதான்னு பார்க்கணும். எல்லாம் சேர்த்து 2 சதவீதம்னா 1764 யூரோ. சில சைட்கள் தாங்களே யூரோவா மாத்தி அனுப்பும். அப்பவும் கணக்கு இதே மாதிரிதான், ஆனா ரேட் அவங்களோடது. சப்மிட் அழுத்துறதுக்கு முன்னாடி "நீங்கள் பெறும் தொகை"ன்னு ஒரு வரி காட்டும். அதை நடு ரேட்டோட ஒப்பிட்டா அவங்க எத்தனை சதவீதம் எடுக்கறாங்கன்னு உடனே தெரிஞ்சிடும்.

நாலாவது, பல கரன்சி கணக்கு. உங்க பேர்லயே ஒரு டாலர் கணக்கு எண் கொடுப்பாங்க. டாலர் டாலராவே வந்து விழும். நீங்க வேணும்ங்கறப்ப, அரை சதவீதம் மாதிரி சின்னக் கட்டணத்துல யூரோவா மாத்திக்கலாம். வந்ததுக்கு 6 டாலர், மாத்தறதுக்கு அரை சதவீதம்னு போட்டா, கையில 1785-க்கு மேல. நாலுல இதுதான் மலிவு.

தொகுப்பாளர்: அப்ப எல்லாரும் இதையே பண்ணலாமே?

விருந்தினர்: இங்கதான் ஒரு கண்டிஷன். இந்த மாதிரிக் கம்பெனிகள்ல பல, சூதாட்டம் சம்பந்தமான பணத்தை ஏத்துக்க மாட்டோம்னு தங்களோட விதிகள்ல எழுதி வச்சிருக்கும். சிலது சில நாடுகளுக்கு மட்டும் அப்படி வச்சிருக்கும். அனுப்பற கம்பெனி பேரைப் பார்த்துட்டு பணத்தைத் திருப்பி அனுப்பலாம், கணக்கையே மூடலாம். சம்பளமும் வாடகையும் அதே கணக்குல ஓடுதுன்னா யோசிச்சுப் பாருங்க. 40 யூரோ மிச்சம் பிடிக்கப் போய் மாசம் முழுக்கத் திண்டாடணும். முதல்ல அவங்களோட சப்போர்ட்கிட்ட எழுத்துல கேட்டு, பதிலைச் சேமிச்சு வச்சுக்குங்க.

சின்னத் தொகை, பெரிய தொகை

தொகுப்பாளர்: 200 டாலருக்கு வர்றேன்னீங்க.

விருந்தினர்: 200 டாலர்னா நடு ரேட்ல 180 யூரோ. வயர்ல அனுப்பினா 20 டாலர் வழியிலயே போச்சு. மிச்சம் 180 டாலர், 162 யூரோ. பேங்க் 2.5 சதவீதம் எடுத்தா 158. வரவுக் கட்டணம் 10 போனா 148. 32 யூரோ காலி, கிட்டத்தட்ட 18 சதவீதம். டாலர் வாலட்ல அதே 200-க்கு 4 சதவீதமும் 5 யூரோவும் போக 168 கிடைக்கும்.

காரணம் சுலபம். சில செலவு தொகையைப் பார்க்காது. 20 டாலர்னா 20 டாலர்தான், நீங்க 200 அனுப்பினாலும் 20,000 அனுப்பினாலும். சில செலவு சதவீதம், தொகை கூடக் கூட அதுவும் கூடும். வயர்ல நிலையான செலவு அதிகம், சதவீதம் கம்மி. வாலட்ல நேர் எதிர். எங்கயோ ஒரு புள்ளியில ரெண்டும் சமமாகும்.

தொகுப்பாளர்: அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க முடியுமா?

விருந்தினர்: பத்தாங்கிளாஸ் கணக்குதான். வயரோட நிலையான செலவு 20 டாலர், அதாவது 18 யூரோ, கூட அந்த 10. மொத்தம் 28. வாலட்டோட நிலையான செலவு 5. வித்தியாசம் 23 யூரோ. சதவீதத்துல வாலட் 4, வயர் 2.5. வித்தியாசம் 1.5. 23-ஐ 1.5 சதவீதத்தால வகுத்தா சுமார் 1530 யூரோ, 1700 டாலர். அதுக்குக் கீழ வாலட், மேல வயர். 5000 டாலருக்கெல்லாம் வாலட்ல அனுப்பறது காசைக் கொட்டறது.

தொகுப்பாளர்: அப்போ சேர்த்து வச்சு மொத்தமா எடுத்தா லாபம்?

விருந்தினர்: கட்டணக் கணக்குல ஆமா. 200-ஐப் பத்து தடவை வயர்ல எடுத்தா 320 யூரோ போகும். ஒரே தடவையா 2000 எடுத்தா 73-தான். ஆனா அதுக்காக சைட்லயே பணத்தைக் குவிச்சு வைக்காதீங்க. அது பேங்க் இல்ல. 2011 ஏப்ரல் 15-ஐ போக்கர் உலகத்துல "கறுப்பு வெள்ளி"ன்னு சொல்வாங்க. அன்னிக்கு அமெரிக்க அரசு பெரிய சைட்களோட டொமைன்களை முடக்கிச்சு. அதுல ஒண்ணான ஃபுல் டில்ட் போக்கர்கிட்ட, ஆட்டக்காரங்களுக்குத் திருப்பிக் கொடுக்கப் போதுமான பணமே இல்லன்னு அப்புறம் தெரிய வந்துச்சு. அமெரிக்காவுக்கு வெளிய இருந்தவங்களுக்குப் பணம் கைக்கு வந்தது 2012 நவம்பர்ல. அமெரிக்கர்களுக்கு 2014 பிப்ரவரி கடைசியிலதான் வர ஆரம்பிச்சது. ஸ்க்ரீன்ல பேலன்ஸ் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, தொட முடியல. அதனால ஆடத் தேவையான அளவு மட்டும் அங்க இருக்கட்டும். மிச்சம் அந்தச் சமப்புள்ளியைத் தாண்டினதும் வெளிய எடுங்க.

வேகம்: ஒரு கடிகாரம் இல்லை, மூன்று

தொகுப்பாளர்: சைட்ல "உடனடி"ன்னு போட்டிருக்கும், மூணு நாள் ஆகும். ஏன்?

விருந்தினர்: ஏன்னா மூணு கடிகாரம் ஓடுது. முதல் கடிகாரம் சைட்டோடது. நீங்க வித்ட்ரா போட்டதும் "நிலுவையில்"னு காட்டும். அப்ப ஒரு டீம் உங்க அடையாள ஆவணம், முகவரி, பணம் எங்கிருந்து வந்ததுன்னு பார்க்குது. நான் இருந்தது அந்த டீம்ல. ரெண்டாவது, பணம் போற பாதை. மூணாவது, உங்க பேங்க் அதைக் கணக்குல ஏத்தற நேரம். "உடனடி"ன்னு விளம்பரம் பண்றது ரெண்டாவதை மட்டும்தான்.

பாதையை மட்டும் பார்த்தா, வாலட் சில நிமிஷம். கார்டுக்குத் தள்ளறது, உங்க பேங்க் அந்த வசதியை ஏத்துக்கிட்டா, அரை மணிக்குள்ள. இல்லன்னா ரெண்டு மூணு வேலை நாள். ஸ்விஃப்ட் வயர் ஒண்ணுல இருந்து அஞ்சு வேலை நாள். யூரோவுலயே யூரோ நாட்டு பேங்க்குக்கு அனுப்பினா அது செப்பா. சாதாரண செப்பா அடுத்த வேலை நாள் வந்துடும். இன்ஸ்டன்ட் செப்பா 10 செகண்ட், ஞாயித்துக்கிழமை ராத்திரியும் ஓடும். 2025 ஜனவரில இருந்து யூரோ நாட்டு பேங்க்குகள் அதை வாங்கியே ஆகணும், அக்டோபர்ல இருந்து அனுப்பவும் வசதி தரணும்னு ஐரோப்பிய விதி இருக்கு.

தொகுப்பாளர்: அப்ப தாமதம் பெரும்பாலும் முதல் கடிகாரத்துலதான்?

விருந்தினர்: நான் பார்த்த வரைக்கும் ஆமா. நீங்களே கண்டுபிடிக்கலாம். ஸ்டேட்டஸ் "நிலுவையில்"னு இருந்தா சைட்டைக் கேளுங்க, பேங்க்குக்கு போன் போட்டுப் பிரயோஜனம் இல்ல. "அனுப்பப்பட்டது"ன்னு மாறி வரலைன்னா, வயரா இருந்தா சைட்கிட்ட UETR எண்ணைக் கேளுங்க. ஒவ்வொரு ஸ்விஃப்ட் பேமென்ட்டுக்கும் அந்த எண் இருக்கும். அதை வச்சு உங்க பேங்க் பணம் எந்த பேங்க்ல நிக்குதுன்னு பார்க்க முடியும். அதே ரசீதுல கட்டணம் யாருக்குன்னு மூணு எழுத்து இருக்கும். OUR-னா அனுப்பறவர் தலையில, SHA-னா அனுப்பற பேங்க்கோட கட்டணம் அனுப்பறவர் தலையில, மத்தது உங்க தலையில, BEN-னா முழுசும் உங்க தலையில. பணம் குறைஞ்சு வந்தா முதல்ல அதைப் பாருங்க.

இன்னொண்ணு. அந்த நிலுவை நேரத்துல சில சைட்கள்ல "ரத்து செய்து பேலன்ஸில் சேர்"னு ஒரு பட்டன் இருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு அதை அழுத்தித் திருப்பி ஆடித் தோத்தவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். அதோட ஒப்பிட்டா 4 சதவீதம் ஒண்ணுமே இல்ல. வித்ட்ராவைப் பூட்டற வசதி இருந்தா அதை ஆன் பண்ணி வைங்க.

இனிஷியல் பிரச்சினை

தொகுப்பாளர்: நம்ம ஊர்க்காரங்களுக்குன்னு தனியா வர்ற சிக்கல் ஏதாவது?

விருந்தினர்: பேர்! நமக்கு இனிஷியல், குடும்பப் பேர் கிடையாது. பாஸ்போர்ட்ல சில பேருக்கு சர்நேம் கட்டமே காலி. சைட்ல படிவம் விடாதுன்னு அப்பா பேரைப் போட்டிருப்பாங்க. பேங்க்ல இனிஷியல் மட்டும். வாலட்ல பேர் முன்னும் பின்னுமா மாறியிருக்கும். மனுஷன் ஒருத்தர்தான், ஆனா சிஸ்டத்துக்கு மூணு பேர். மூணாவது நபர் கணக்குக்குப் பணம் அனுப்பக் கூடாதுன்னு பணமோசடித் தடுப்பு விதி இருக்கறதால, பேர் பொருந்தலைன்னா நாங்க நிறுத்தியே ஆகணும். 2025 அக்டோபர்ல இருந்து யூரோ பரிமாற்றத்துல, அனுப்பறதுக்கு முன்னாடி பேரும் கணக்கு எண்ணும் பொருந்துதான்னு பேங்க்குகளே சரிபார்க்குது. அதனால ஜெயிக்கறதுக்கு முன்னாடியே, பாஸ்போர்ட்ல எப்படியோ அப்படியே எல்லா இடத்துலயும் மாத்தி வைங்க. நண்பர் கணக்கு, மனைவி கணக்குன்னு போகவே போகாதீங்க.

அதே மாதிரி, எந்த வழியில பணம் போட்டீங்களோ, போட்ட அளவு வரைக்கும் அதே வழியிலதான் திருப்பி அனுப்புவாங்க. கார்டுல 100 போட்டிருந்தா முதல் 100 கார்டுக்குத்தான். மிச்சம்தான் நீங்க கேட்கற இடத்துக்கு. ஆக, மலிவான வழியை வித்ட்ரா நேரத்துல தேடறது லேட். முதல் டெபாசிட்லயே தேர்ந்தெடுக்கணும்.

தொகுப்பாளர்: கிரிப்டோ? கமென்ட்ல கண்டிப்பா கேட்பாங்க.

விருந்தினர்: டாலரோட ஒட்டி நிக்கற ஸ்டேபிள்காயின்ல எடுத்தா நெட்வொர்க் கட்டணம் கம்மி, வேகமும் நல்லா இருக்கும். ஆனா அது வந்து சேர்றது எக்ஸ்சேஞ்சுக்கு, உங்க பேங்க்குக்கு இல்ல. அங்க வித்து யூரோவாக்கி பேங்க்குக்கு அனுப்பணும், அங்க ஒரு கட்டணம். எக்ஸ்சேஞ்ச் பணம் எங்கிருந்து வந்ததுன்னு கேட்கும், விற்பனைக்கு வரிக் கணக்கும் வச்சுக்கணும். எல்லாத்தையும் விட, ஒரே காயின் பல நெட்வொர்க்ல ஓடும். சைட் ஒரு நெட்வொர்க்ல அனுப்பி, உங்க முகவரி அதை ஏத்துக்காத இடத்துல இருந்தா, திரும்பக் கூப்பிட ஆளே இல்ல. பேங்க்ல தப்பு நடந்தா புகார் கொடுக்கலாம். அங்க உங்களுக்கு நீங்கதான் பேங்க்.

ஊருக்கு வந்தப்போ வித்ட்ரா போடலாமா?

தொகுப்பாளர்: கடைசிக் கேள்வி. நம்ம தம்பி டிசம்பர்ல சென்னை வர்றார். "ஆட மாட்டேன், பணத்தை மட்டும் எடுப்பேன், ஓகேவா?"ன்னு கேட்கறார்.

விருந்தினர்: வேண்டாம். லைசென்ஸ் உள்ள சைட் நீங்க எந்த நாட்டுல இருந்து நுழையறீங்கன்னு பார்க்கும். டப்ளின்ல வசிக்கறவர்னு பதிவாகியிருக்கு, திடீர்னு சென்னைல இருந்து லாகின், உடனே வித்ட்ரா. கணக்கைத் திருடினவன் செய்யறதும் இதேதான். எங்க டீமுக்கு சிவப்பு விளக்கு எரியும், கணக்கை நிறுத்தி வச்சு ஆவணம் கேட்போம். விபிஎன் போட்டு டப்ளின்னு காட்டினா இன்னும் மோசம். விதிமீறல்னு சொல்லிப் பணத்தையே மறுக்க முடியும். விமானம் ஏறறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, வீட்ல உட்கார்ந்து எடுத்துடுங்க.

நாடு மாறினாலும் அதே கதை. லண்டன்ல இருந்து டப்ளின் போனதும், கையோட முகவரியை சைட்லயும் வாலட்லயும் மாத்தணும், வாலட் கரன்சியையும் சேர்த்துத்தான். தம்பியோட 146 யூரோவுல பாதி, அந்த ஒரு வேலையைத் தள்ளிப் போட்டதால போனது.

தொகுப்பாளர்: தம்பி, கேட்டுட்டிருப்பீங்க. உங்க பவுண்ட் வாலட்டை இன்னிக்கே பாருங்க. அடுத்த தடவை சப்மிட் அழுத்தறதுக்கு முன்னாடி "நீங்கள் பெறும் தொகை" வரியை நடு ரேட்டோட ஒப்பிட்டு, வித்தியாசம் எவ்வளவுன்னு எங்களுக்கு எழுதுங்க.